அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்

2023 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், நான்கு வருடம் முன்பு சொன்ன ஒன்றையே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் அன் ப்ளே’ என்ற சாய்வுத் தொட்டிலை யாரும் பயன்படுத்த வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்பதுதான் அது. 2019 ஏப்ரலிலேயே சுமார் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. வார் போடாமல் கிடத்தப்பட்ட குழந்தைகள் பக்கவாட்டிலோ குப்புறவோ புரண்டு இறந்த சம்பவங்கள் அதற்குக் காரணம். முதல் அறிவிப்பின்போது முப்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகியிருந்தன. இரண்டாவது அறிவிப்பின்போது அந்த எண்ணிக்கை ஏறத்தாழ நூறு. அவற்றில் குறைந்தது எட்டு மரணங்கள், பொருளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்ன பிறகு நடந்தவை.

கடை அலமாரியில் இருக்கும் சரக்கை ஒரே நாளில் இறக்கிவிடலாம். வீட்டுக்குள் போய்விட்ட பொருள் அப்படியல்ல. அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு, அங்கிருந்து பழைய சாமான் விளம்பரத்துக்கு, அங்கிருந்து முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு என்று அது கைமாறிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கைக் கடிதமோ முதலில் காசு கொடுத்து வாங்கியவரின் முகவரியோடு நின்றுவிடும். நம் நாட்டிலும் இதே கதைதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. குக்கர் வாங்கிய 2,265 பேருக்கும் தகவல் சொல்லி, பொருளைத் திரும்ப வாங்கி, பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் அந்த 2,265 பேரில் ஒருவர் ஊர் மாறும்போது குக்கரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், பக்கத்து வீட்டுக்கு யார் தகவல் சொல்வது?

ஆகவே பழைய பொருள் வாங்குபவர் தானாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு விளம்பரமும் நாலைந்து புகைப்படங்களும் மட்டுமே. அந்தப் படங்களை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

ராக் அன் ப்ளே போன்றவற்றில் வேலை சுலபம். அங்கே கோளாறு வடிவத்திலேயே இருந்தது. பிறந்த குழந்தையைத் தூங்கவைக்க அந்தச் சாய்வே கூடாது என்பதால், எந்த நிறம், எந்த வருடம் என்ற பேதமில்லாமல் அத்தனையையும் திரும்பப் பெற்றார்கள். படத்தைப் பார்த்துப் பொருளின் பெயரைத் தெரிந்துகொண்டாலே போதும். பெயர் தெரியாவிட்டால் கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடலில் போட்டால் பெயர் வந்துவிடும். பெயரோடு சேர்த்துத் தேடினால் அறிவிப்பும் வந்துவிடும்.

ஆனால் இப்படி ஒரு பொருளை முழுவதுமாகத் திரும்பப் பெறுவது எல்லா நேரமும் நடப்பதில்லை. மின்சாரச் சாமான், பேட்டரி உள்ள சாதனம், வாகனம் ஆகியவற்றில் கோளாறு பெரும்பாலும் வடிவமைப்பில் இருக்காது. ஒரு காலகட்டத்தில் வந்த உதிரிபாகத்தில் இருக்கும். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்று திரும்பப் பெற வேண்டியது, இன்னொன்று எந்தக் குறையும் இல்லாதது. இங்கே பொருளின் முகத்தைக் காட்டும் படம் பாதி வேலைக்குத்தான் உதவும். மீதியைச் சொல்வது அதன் அடிப்பக்கம்.

இதற்கு நல்ல உதாரணம், இன்றும் பழைய லேப்டாப் சந்தையில் கிராக்கி குறையாத ஒரு மாடல்: 2015இல் வந்த 15 அங்குல மேக்புக் ப்ரோ. மேசைக் கணினிக்கு ஈடான வேகம், நல்ல திரை, தட்டுவதற்குச் சுகமான விசைப்பலகை, எல்லா வகை வயரையும் செருகத் துளைகள் என்று எடிட்டிங் செய்பவர்களும் புரோகிராமர்களும் விரும்பி வாங்கிய இயந்திரம். 2019 ஜூனில் ஆப்பிள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையில் முக்கியமாக விற்பனையான இந்த மாடலில் சிலவற்றின் பேட்டரி அதிகமாகச் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள், பேட்டரியை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. அமெரிக்காவில் மட்டும் அப்படி இனம் காணப்பட்டவை சுமார் 4,32,000. பேட்டரி சூடானதாக 26 புகார்கள் வந்திருந்தன. ஐந்து பேருக்குச் சிறு தீக்காயம், ஒருவருக்குப் புகையால் பாதிப்பு. அந்த ஆகஸ்டிலேயே நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும், பாதிக்கப்பட்ட இந்த லேப்டாப்புடன் விமானம் ஏற வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது.

இப்போது ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ‘மேக்புக் ப்ரோ 15 இன்ச், ஐ7, 16 ஜிபி, சூப்பர் கண்டிஷன்’ என்று தலைப்பு. மூடியபடி ஒன்று, திறந்தபடி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று படங்கள். இதை வாங்கலாமா?

முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டுப் படம். இடது பக்கம் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் துளை, இரு பக்கமும் பழைய வகை அகலமான யு.எஸ்.பி., வலது பக்கம் எச்.டி.எம்.ஐ., கேமரா அட்டை நுழைக்கும் பிளவு. இவையெல்லாம் இருந்தால் இது 2012 முதல் 2015 வரையான தலைமுறை. நாலு சிறிய யு.எஸ்.பி.-சி துளைகள் மட்டும் இருந்தால் அது 2016இலோ அதற்குப் பிறகோ வந்தது. பேட்டரி அறிவிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி விளம்பரங்களைத் தள்ளிவிடலாம்.

ஆனால் 2012இல் வந்ததும் 2015இல் வந்ததும் வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். படத்தேடலும் இங்கே திணறும். உருவம் ஒன்றாக இருக்கும்போது வருடத்தை அதனால் சொல்ல முடியாது. விற்பவர் எழுதிய வருடத்தையும் நம்ப முடியாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. வாங்கிய வருடத்தை மாடல் வருடமாக எழுதிவிடுவது எல்லாரும் செய்வது. இந்த 2015 மாடலே 2018 வரை புதிதாக விற்பனையில் இருந்தது. ஆகவே ‘2017 மாடல்’ என்று விளம்பரத்தில் இருப்பது, 2017இல் பெட்டி பிரித்த 2015 மாடலாக இருக்கலாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது அடிப்பக்கம். லேப்டாப்பைக் கவிழ்த்தால், மூடி மடங்கும் இடத்துக்கு அருகே பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். அதில் A1398 என்பது மாடல் எண். அதைப் பார்த்ததும் பலர் நிம்மதியாகி, ‘A1398 ரீகால்’ என்று தேடி, உடனே பயந்துபோகிறார்கள். அந்த எண் 2012இலிருந்து 2015 வரை வந்த எல்லாவற்றுக்கும் பொது. அதே வரியில் EMC என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். அது 2909 அல்லது 2910 என்றிருந்தால்தான் 2015 மாடல். வேறு எண் என்றால் அதற்கு முந்தையது. கடைசியாக, ‘Serial’ என்ற சொல்லுக்குப் பின் 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர். இந்த ஒரு தனி இயந்திரத்தின் அடையாளம் அது.

அந்தத் தொடர் எண்ணிலேயே ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்து ஆப்பிள் தொடர் எண்களில் நான்காவது எழுத்து, தயாரான அரையாண்டைக் குறிக்கும். P என்றால் 2015இன் முற்பாதி, Q என்றால் பிற்பாதி, R 2016இன் முற்பாதி, S பிற்பாதி, T 2017இன் முற்பாதி. நம் விளம்பர லேப்டாப்பின் எண் C02S என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2016 ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் செய்யப்பட்டது. அறிவிப்பு சொல்லும் காலத்துக்கு நட்ட நடுவில் வந்து விழுகிறது. அதற்காக இது ஆபத்தானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அறிவிப்பிலேயே ‘சில’ என்றுதான் இருக்கிறது. எழுத்து சந்தேகத்தைக் கிளப்பும். தீர்ப்பு சொல்ல வேண்டியது நிறுவனத்தின் பக்கம். இதற்கென்றே ஆப்பிள் ஒரு பக்கத்தைத் திறந்தது: support.apple.com/15-inch-macbook-pro-battery-recall. அங்கே தொடர் எண்ணைக் கொடுத்தால் அந்த இயந்திரம் இதில் அடங்குமா இல்லையா என்று பதில் வரும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இந்த எண்ணைப் படத்திலிருந்து சரியாகப் படிப்பதுதான் பெரும்பாடு. வெள்ளி நிற உலோகத்தில் சாம்பல் நிறப் பொடி எழுத்து. ஃப்ளாஷ் போட்டால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம்தான் விழும். ஜன்னல் வெளிச்சத்தில், லேப்டாப்பைச் சற்றே சாய்த்து, மொபைலை ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோகாமல் ஒரு முழம் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுத்தால் எழுத்து துலங்கும். படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும்; பொடி எழுத்து கரைந்துபோகும். ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். 8ஆ B-யா, 5ஆ S-ஆ என்று சந்தேகம் வந்தால் இன்னொரு கோணத்தில் இன்னொரு படம் கேட்பதே நல்லது. ஒரு சலுகை உண்டு. ஆப்பிள் தன் தொடர் எண்களில் O என்ற எழுத்தைப் பயன்படுத்துவதில்லை. அப்படித் தெரிவது பூஜ்யம்தான்.

விற்பவர்கள் எல்லாரும் உடனே அனுப்பிவிட மாட்டார்கள்.

“அண்ணே, அடிப்பக்கம் ஒரு போட்டோ வேணும். ஃப்ளாஷ் போடாம எடுங்க, சீரியல் நம்பர் தெரியணும்.”

“சீரியல் நம்பர் எதுக்குத் தம்பி? அதையெல்லாம் வெளியில குடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே.”

அவர் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தொடர் எண்ணை வைத்துப் போலி ரசீது தயாரிப்பவர்கள் உண்டு என்பதால், விளம்பரத்தில் அதை மறைத்துவிடுவது விவரம் தெரிந்தவர் செய்யும் காரியம். அப்படிப்பட்டவரிடம் வற்புறுத்தாமல் நிறுவனத்தின் பக்க முகவரியை அனுப்பி, “நீங்களே எண்ணைப் போட்டுப் பாருங்க, என்ன வருதுன்னு ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்புங்க” என்று கேட்கலாம். நேரில் பார்க்கும்போது அந்த எண்ணும் லேப்டாப்பின் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொண்டால் போதும். இதற்கும் மழுப்புகிறவரிடம் வாங்காமல் இருப்பதால் நஷ்டமில்லை.

அடிப்பக்க எண் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய லேப்டாப் சந்தையை அறிந்தவர்கள் இன்னொரு படமும் கேட்பார்கள். அடிப்பலகை பத்துத் திருகுகளில் நிற்கும் ஒரு மூடி, அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆகட்டும், தில்லி நேரு பிளேஸில் ஆகட்டும், நசுங்கிய மூடியைக் கழற்றிவிட்டு வேறொரு லேப்டாப்பின் மூடியைப் பொருத்துவது அன்றாட வேலை. அப்போது அச்சிட்ட எண் ஒன்று, உள்ளே இருக்கும் மதர்போர்டின் எண் இன்னொன்று. உள்ளே இருப்பதைப் பார்க்க, திரையின் இடது மேல் மூலையில் ஆப்பிள் சின்னத்தை அழுத்தி About This Mac என்பதைத் திறக்க வேண்டும். MacBook Pro (Retina, 15-inch, Mid 2015) என்று பெயரும், கீழே தொடர் எண்ணும் வரும். அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு என்றால், பல இயந்திரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்று அது. அதன் உள்ளே எந்தப் பேட்டரி இருக்கிறது என்று எந்த எண்ணும் சொல்லாது.

அதே இடத்தில் System Report என்ற பொத்தானை அழுத்தி, Power என்ற பகுதிக்குப் போனால் Cycle Count என்று ஓர் எண் இருக்கும். பேட்டரியை முழுதாக எத்தனை முறை செலவழித்து ஏற்றியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. இந்த மாடலின் பேட்டரி ஆயிரம் முறைக்கு வடிவமைக்கப்பட்டது. எத்தனையோ வருடம் உழைத்த லேப்டாப்பில் அந்த எண் 40 என்று இருந்தால் யாரோ பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். யார் மாற்றினார்கள் என்பது அடுத்த கேள்வி. ஆப்பிள் சேவை மையம் மாற்றியிருந்தால் அதற்கு ஒரு வேலைச்சீட்டு இருக்கும், அதில் தொடர் எண்ணும் இருக்கும். அந்தச் சீட்டின் படம் கிடைத்தால் மனம் குளிர வாங்கலாம். இந்த மாடலில் பேட்டரி மேல்பலகையோடு பசைபோட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதனால் நிறுவனம் பேட்டரியை மாற்றியபோது பலருக்கு விசைப்பலகையும் சேர்ந்தே புதிதாகக் கிடைத்தது. தெருவோரக் கடையில் பசையைப் பெயர்த்து மலிவான பேட்டரியை ஒட்டியிருந்தால் பழைய அபாயம் போய்ப் புதிய அபாயம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேட்டரிக்கு ஆப்பிளின் அறிவிப்பு எதுவும் பொருந்தாது, பொறுப்பேற்க ஆளும் கிடையாது.

எண்ணே இல்லாமல் படத்தில் தெரியக்கூடிய அடையாளமும் ஒன்று உண்டு. பேட்டரி உப்பினால் லேப்டாப்பின் உடம்பு காட்டிக்கொடுக்கும். சமதளமான மேசையில் வைத்துப் பக்கவாட்டில் எடுத்த படத்தில், நாலு ரப்பர் கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும். மூடியை மூடினாலும் முன்பக்கம் மெல்லிய இடைவெளி தெரியும். விரலால் நகர்த்தும் சதுரப் பலகை சற்றே மேலெழும்பியிருக்கும், அல்லது அழுத்தினால் ‘க்ளிக்’ கேட்காது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் எண்ணை எடுத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த லேப்டாப் எந்த வருடத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

திரையை அணைத்துவிட்டு எடுத்த படத்தையும் கேட்பது நல்லது. அந்தக் காலத்து ரெட்டினா திரைகள் பலவற்றில் ஒளி எதிரொளிக்காமல் இருக்கப் பூசிய பூச்சு உரிந்து, திட்டுத்திட்டாகக் கறை படிந்தது போலத் தெரியும். திரை எரியும்போது கண்ணுக்குப் படாது, அணைத்தால் பளிச்சென்று தெரியும். விளம்பரப் படங்களில் திரை எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதை எல்லா நேரமும் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பூச்சுக் கோளாறு, பாதுகாப்பு அறிவிப்பு எதிலும் வராது. யாருக்கும் தீக்காயம் படாத குறை அது. அதுபோன்றவற்றைத் தேட ரீகால் பட்டியல்கள் உதவாது. இதில்தான் ஒரு வேடிக்கையான பொறி இருக்கிறது. பேட்டரி அறிவிப்பைப் படித்துப் பயந்த ஒருவர், ‘எதற்கு வம்பு’ என்று அடுத்த தலைமுறைக்குத் தாவி 2016 அல்லது 2017 மாடலை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எந்த ரீகால் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்தத் தலைமுறையின் ‘பட்டாம்பூச்சி’ விசைப்பலகை பிரசித்தி பெற்றது. விசைக்கு அடியில் ஒரு தூசி புகுந்தால் எழுத்து இரண்டு முறை விழும், அல்லது விழாமலே போகும். இதற்காக 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்க்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. முதன்முதலில் கடையில் விற்ற நாளிலிருந்து நாலு வருடம் மட்டுமே செல்லும் திட்டம். இன்று அந்த லேப்டாப்பை வாங்குபவருக்கு அந்த நாலு வருடம் என்றோ கழிந்துவிட்டது. பட்டியலில் பெயர் வந்து, நிறுவனமே பேட்டரியை மாற்றிக் கொடுத்த 2015 லேப்டாப், பட்டியலில் பெயரே வராத 2016 லேப்டாப்பைவிட நல்ல கொள்முதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே தேடல் இரண்டு விதமாகப் போக வேண்டும். உயிருக்கு ஆபத்து உண்டா என்பதற்கு அரசுப் பட்டியல்கள்: அமெரிக்காவுக்கு cpsc.gov/Recalls, பல நாட்டு அறிவிப்புகளை ஒரே இடத்தில் திரட்டும் globalrecalls.oecd.org. விளம்பரத் தலைப்பை அப்படியே அங்கே ஒட்டினால் ஒன்றும் வராது. நிறுவனத்தின் பெயரும் பொருளின் வகையும் மட்டும் கொடுத்துத் தேடி, வந்த அறிவிப்பைத் திறந்து, எந்தெந்த மாடல், எந்தக் காலத்தில் விற்றது, எண் எங்கே அச்சாகியிருக்கிறது, தீர்வு என்ன என்ற நாலு விவரங்களைப் பார்க்க வேண்டும். கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, உதிரிபாகம் மாற்றுவார்களா, தூக்கிப்போடச் சொல்கிறார்களா என்பதைப் பொறுத்தே பேரம் இருக்கிறது. அடிக்கடி பழுதாகும் குறைகளுக்கு நிறுவனத்தின் சேவைத் திட்டங்களையும் பழுதுபார்ப்பவர்களையும் நாட வேண்டும். ஒரே மாடலை வருடக்கணக்காகப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்கிடம் “இதுல வழக்கமா எது போகும்?” என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும்.

பட்டியலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் மட்டும் விற்ற மிக்சியோ கீசரோ அமெரிக்கப் பட்டியலில் வர வழியில்லை.

நம் ஊரில் இந்த எண் சோதனை மிக நன்றாக வேலை செய்யும் இடம் பழைய கார். 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி 1,81,754 பெட்ரோல் கார்களைச் சோதனைக்கு அழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 ஆகிய மாடல்களில் 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின்பாகத்தைப் பார்த்து, தேவையானால் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. அதுவரை தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்ட வேண்டாம், மின்பாகங்களின் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. ஐப்பசி மழையில் சென்னையின் சுரங்கப்பாதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவுரையின் கனம் புரியும்.

இங்கேயும் காரின் படத்தால் பயனில்லை. 2019 எர்டிகாவும் 2021 எர்டிகாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கேட்க வேண்டியது ஆர்.சி.யின் படம். அதில் சேசிஸ் எண் 17 எழுத்துகளில் இருக்கும், மாருதி என்றால் MA3 என்று தொடங்கும். அதை நிறுவனத்தின் இணையதளத்தில் இதற்கென்று உள்ள இடத்தில் கொடுத்தால் அந்தக் கார் அழைக்கப்பட்டதா என்று தெரியும். சேசிஸ் எண்ணில் I, O, Q ஆகிய மூன்று எழுத்துகளும் வராது என்பது உலக வழக்கு. மங்கலான படத்தைப் படிக்கும்போது இது கைகொடுக்கும். அழைக்கப்பட்ட கார் என்றால், பாகத்தை மாற்றியாகிவிட்டதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் அதே எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். கார் எத்தனை கை மாறியிருந்தாலும் அழைப்பு எண்ணைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்தது அல்ல.

நம் C02S லேப்டாப்புக்கு வருவோம். நிறுவனத்தின் பக்கம் ‘ஆம், இது அடங்கும்’ என்று சொல்லிவிட்டால், விற்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்லி வாங்குவதா, விட்டுவிடுவதா? பேட்டரியை அவரே மாற்றிவிட்டு விற்கட்டும் என்பதே நியாயமான பேரம். இத்தனை வருடம் கழித்து உதிரிபாகம் கைவசம் இருக்கிறதா, எத்தனை நாள் ஆகும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே சேவை மையத்தில் கேட்டுவிட வேண்டும். மாற்றும்வரை அதை அணைத்தே வைக்க வேண்டும், சார்ஜ் போடக் கூடாது. “ஒரு தடவை போட்டுக் காட்டுறேன்” என்று விற்பவர் ஆர்வமாகச் செருகினாலும் தடுத்துவிடலாம்.

விற்பவர் வெளியூர்க்காரர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதுகாப்புக் குறைபாடு உள்ளதாக நிறுவனம் அறிவித்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பச் சர்வதேச விதிகள் அனுமதிப்பதில்லை. தில்லியிலிருந்து கூரியரில் போட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னால், அது பெரும்பாலும் விமானத்தில்தான் வரும். பேட்டரி மாற்றிய சீட்டு கைக்கு வராமல் அந்தப் பார்சலை அனுப்பச் சொல்லக் கூடாது.